மாம்பால் கறை துவைத்த பிறகு கருப்பது ஏன்? பருத்தி ஆடையிலிருந்து அதை நீக்கும் முறை என்ன?

மும்பை: மாதுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தையில் மாவடு விற்பனைக்கு வரும் வாரங்களில், தமிழ்க் குடும்பத்தினர் அதைக் காம்போடு பார்த்து வாங்குவது வழக்கம். காம்பு பச்சையாக இருந்தால் வடு புதிது. அதை உறுதிசெய்து கொள்ள ஒருவர் காம்பை ஒடிக்கும்போது நீர் போன்ற ஒரு துளி தெறித்துச் சட்டையில் விழுகிறது. அந்த நேரத்தில் அது கறையாகவே தெரிவதில்லை. நிறமற்ற துளி ஒன்று விழுந்து, சில நிமிடங்களில் காய்ந்து மறைந்துவிடுகிறது. சட்டை வழக்கம்போல் சோப்பு போட்டுத் துவைக்கப்பட்டு, வெயிலில் உலர்த்தப்பட்டு, இஸ்திரிக்குப் போகிறது. அங்கே சூடான பெட்டி படும்போது பழுப்பு நிறப் புள்ளிகள் எழுகின்றன. அடுத்த சலவைக்குள் அவை கரும்புள்ளிகளாகிவிடுகின்றன.

இதனால் பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. தாராவியிலும் செம்பூரிலும் வீடுகளிலிருந்து துணி வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்போரிடம் வந்து சேரும்போது அந்தச் சட்டை பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். கறை வெளிப்படுவது அவர்கள் கையில்தான். சட்டைக்குரியவர் தம் வீட்டில் இல்லாத கறை கடையில் வந்ததாகவே நம்புகிறார். ஒரு சட்டையின் விலை பல நாள் கூலிக்குச் சமமாக இருக்கும் தொழிலில் இது சிறிய பிரச்சினை அல்ல. மாம்பாலின் தன்மையை அறிந்தால், கறை எப்போது, எங்கே பிறந்தது என்பதையும் பெரும்பாலும் கண்டறிய முடியும்.

மாம்பாலில் என்ன இருக்கிறது?

காம்பை ஒடித்ததும் பீறிட்டு வரும் பாலைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைத்தால் அது இரண்டு அடுக்குகளாகப் பிரியும். மேலே எண்ணெய் போன்ற அடுக்கு, கீழே நீர் போன்ற அடுக்கு. எண்ணெய் அடுக்கில் டெர்பீன் எனப்படும் மணமிக்க பொருள்களும், அவற்றில் கரைந்த பிசின் போன்ற ஃபீனால் வகைச் சேர்மங்களும் உள்ளன. பச்சை மாங்காயின் காம்பை முகரும்போது வரும் கூர்மையான வாசனை டெர்பீன்களுடையது. நீர் அடுக்கில் புரதங்களும், நொதிகளும் இருக்கின்றன. அவற்றுள் ஒரு நொதி, ஃபீனால் வகைப் பொருள்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்த்துப் பழுப்பாக்கும் வேலையைச் செய்கிறது. வெட்டிய கத்தரிக்காயும் வாழைக்காயும் கருப்பதும் இதே வகை நொதியால்தான்.

ஆகவே துணியில் விழுவது உண்மையில் கறை அல்ல. கறையாக மாறவிருக்கும் மூலப்பொருள். டெர்பீன்கள் ஆவியாகிப் போய்விடுகின்றன. பிசினும் ஃபீனால்களும் பருத்தி நூலின் இழைகளுக்குள் இறங்கித் தங்கிவிடுகின்றன. அவை எண்ணெய்த் தன்மை உடையவை என்பதால் வெறும் நீரில் கரைவதில்லை. பின்னர் காற்று மெதுவாக அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளாக்குகிறது. சூடு இந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. காரத்தன்மையும் விரைவுபடுத்துகிறது. சலவைச் சோடாவும் துணி சோப்புக் கட்டியும் காரத்தன்மை உடையவை. இஸ்திரிப் பெட்டி சூட்டைத் தருகிறது. நாம் வழக்கமாகச் செய்யும் சலவையின் ஒவ்வொரு படியும் கறையை நீக்குவதற்குப் பதிலாக அதை உருவாக்க உதவுகிறது என்பதே இதிலுள்ள சிக்கல்.

மாந்தோப்புகளில் இதை நன்கு அறிவார்கள். காம்பை ஒட்ட ஒடித்துப் பறித்தால் பால் பழத்தோலில் வழிந்து கருந்தழும்பாகிவிடும் என்பதால், நீளக் காம்பு விட்டுப் பறிப்பதும், பிறகு பழத்தைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட்டுக் கழுவுவதும் நடைமுறை. ரத்னகிரி, தேவ்கட் பகுதிகளிலிருந்து மும்பைக்கு வரும் ஹாபூஸ் பழங்களில் சிலவற்றின் காம்பைச் சுற்றிக் காணப்படும் கரும்படலம் அப்படி வழிந்த பாலின் அடையாளமே.

சலவைத் தொழில் அறிந்த பழைய உறவினர்

இந்த வேதியியலைச் சலவைத் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாகத் தெரிந்தே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மாமரம், முந்திரி, சேங்கொட்டை ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சேராங்கொட்டை என்றும் அழைக்கப்படும் சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் குறியிட்டு, அதன்மேல் சுண்ணாம்பு தடவினால் அந்தக் குறி கறுத்து நிலைத்துவிடும். பிறகு எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் போகாது. எந்த வீட்டுத் துணி எது என்பதை அறிய இதுவே அடையாளமாக இருந்தது. சுண்ணாம்பு இங்கே காரமாக வேலை செய்து ஃபீனால்களை விரைந்து கருக்கச் செய்கிறது. சட்டையில் தெறித்த மாம்பாலின் மேல் சோடா கலந்த சோப்பைத் தேய்ப்பது, வீரியம் குறைந்த அளவில், இதே செயல்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கழுத்துப் பட்டை பட்ட இடத்தில் அரிப்பும் கொப்புளமும் தோன்றின. சலவைக்குறியிலிருந்த சேங்கொட்டைச் சாறே காரணம் என்பது 1943-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் விளக்கப்பட்டது. மாம்பால் உதட்டில் பட்டால் சிலருக்குப் புண்ணாவதும் இந்தக் குடும்ப ஒற்றுமையால்தான். பால் தெறித்த துணியைக் கையாளும்போது, அதுவரை ஒவ்வாமை கண்டவர்கள் கையுறை அணிந்து கொள்வது நல்லது.

ஒரு வெள்ளைச் சட்டை, ஐந்து துளிகள்

வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்றில் காலை 11 மணிக்கு நான்கைந்து துளி மாம்பால் தெறித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தாராவியின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் நாளின் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே வரும். துவைக்க மாலை வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். நல்வாய்ப்பாக, முதல் படிக்குத் தண்ணீர் தேவையில்லை. தண்ணீர் ஊற்றாமல் இருப்பதே மேல்.

முதலில், துளியைத் தேய்க்காமல் பழைய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு மடித்த பழைய பருத்தித் துண்டு ஒன்றின் மேல், கறைப்பட்ட பக்கம் கீழே இருக்குமாறு சட்டையை விரிக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, சட்டையின் பின்பக்கத்திலிருந்து மெல்ல ஒற்ற வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய, ஆல்கஹால் கலந்த கைசுத்திகரிப்பான் மிச்சமிருந்தால் அதுவும் போதும். ஆல்கஹால் பிசினைக் கரைத்துக் கீழேயுள்ள துண்டுக்குள் இறக்கிவிடுகிறது. மேலிருந்து தேய்த்தால் கரைந்த பிசின் சட்டையிலேயே பரந்து வளையமாகிவிடும். ஒவ்வொரு முறையும் துண்டின் புதிய இடத்துக்குச் சட்டையை நகர்த்தி, ஐந்தாறு முறை இப்படிச் செய்ய வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பிலிருந்து விலகி, சன்னலருகே வைத்துச் செய்வது அவசியம். முன்பு இதற்கு மண்ணெண்ணெய் பயன்பட்டது. இப்போது அது கிடைப்பதும் அரிது, அதன் வாசனையைப் போக்குவது இன்னொரு வேலை.

இரண்டாவதாக, பாத்திரம் துலக்கும் திரவத்தில் இரண்டு மூன்று சொட்டுகளை அதே இடத்தில் விட்டு, விரல் நுனியால் நிதானமாகப் பரப்பிப் பத்து நிமிடம் விட வேண்டும். கட்டி சோப்பு இங்கே வேண்டாம். பாத்திரத் திரவம் எண்ணெய்ப் பசையை நீரில் கலக்கச் செய்யும். அதே நேரம் அதில் சோப்புக் கட்டி அளவுக்குக் காரம் இல்லை. தண்ணீர் வந்ததும் குளிர்ந்த நீரில் நன்கு அலசலாம்.

மூன்றாவது படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். பிசின் முழுவதும் போய்விட்டதா என்று பார்ப்பது அது. சட்டையை நிழலில் உலர்த்தி, கறை இருந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். துணி அதை உடனே உறிஞ்சிவிட்டால் எண்ணெய்ப் படலம் இல்லை. சொட்டு முத்துப்போல் உருண்டு நின்றால் பிசின் இன்னும் இழைகளில் இருக்கிறது. முதலிரண்டு படிகளையும் திரும்பச் செய்ய வேண்டும். பிசின் மூடியிருக்கும் இழைக்குள் வெளுப்புக் கரைசல் புகாது என்பதால், இந்தச் சோதனையைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

நான்காவது படி, அதற்குள் பழுப்பாகிவிட்ட எச்சத்தை நீக்குவது. இதற்கு ஆக்சிஜன் வகை வெளுப்புத் தூள் ஏற்றது. வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தில் சோடியம் பெர்கார்பனேட் என்ற பெயர் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் கொதிநீருடன் ஒரு லிட்டர் குழாய் நீரைக் கலந்தால் சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பம் கிடைக்கும். அதில் ஒரு மேசைக்கரண்டித் தூளைக் கரைத்து, சட்டையை முழுவதும் மூழ்கும்படி ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் இந்தத் தூள் மிக மெதுவாகவே வேலை செய்யும். தூள் பயனில்லை என்று கூறுவோரில் பலர் அதைக் குளிர்ந்த நீரில் போட்டவர்களாகவே இருப்பர். துருப்பிடித்த இரும்பு வாளியைப் பயன்படுத்தினால் கரைசலின் வலிமை வீணாவதோடு துணியும் சேதமடையலாம்.

இந்தக் கரைசலும் காரத்தன்மை உடையதுதானே என்ற ஐயம் எழலாம். உண்மைதான். ஆனால் இங்கே காரத்துடன் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து வெளிவருகிறது. அது நிறமுள்ள மூலக்கூறுகளையே உடைத்துவிடுகிறது. பிசினை முன்பே நீக்கிவிட்டதால் புதிதாகக் கருக்கவும் அதிகம் மிச்சமில்லை. படிகளின் வரிசை முக்கியமாவது இதனால்தான்.

ஊறியபின் வழக்கம்போல் துவைத்து, ஈரமாக இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளிர்பழுப்பு நிழல் தெரிந்தால் புதிய கரைசலில் மீண்டும் ஒரு மணி நேரம். கறை முற்றிலும் போனதை உறுதிசெய்யும் வரை இஸ்திரி கூடாது.

கஞ்சி போட்ட வேட்டியில் தெறித்தால் வேலை சற்று எளிது. பாலின் ஒரு பகுதி இழைக்குள் இறங்காமல் கஞ்சிப் படலத்திலேயே தங்கி, அது கரையும்போது கூடவே போய்விடும். வேட்டிக்குக் கஞ்சி போடுவது மிடுக்குக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

ஏற்கெனவே கறுத்துவிட்டால்

பல சலவைகளைக் கண்டு கறுத்துவிட்ட புள்ளிகளில் பிசின் இறுகியிருக்கும். ஸ்பிரிட் மட்டும் அதை இளக்காது. சில சொட்டுத் தேங்காய் எண்ணெய்யைத் தடவி இரண்டு மணி நேரம் விட்டு, அதன் பிறகு ஸ்பிரிட், பாத்திரத் திரவம், தண்ணீர்ச் சோதனை என்ற வரிசையில் போகலாம். பெர்கார்பனேட் கரைசலை இரண்டு மூன்று நாள்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

அதற்கும் அசையாத கறைக்கு, வெள்ளைத் துணியாக இருந்தால் மட்டும், குளோரின் பிளீச் கடைசி வழி. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் இரண்டு தேக்கரண்டி திரவ பிளீச் போதும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது. குளோரின், கறையை மட்டுமல்லாமல் பருத்தி நாரையும் தாக்கும். நீண்ட நேரம் ஊறிய துணி அந்த நேரத்தில் நன்றாகவே தெரியும். சில சலவைகளுக்குப் பிறகு கறை இருந்த அதே இடத்தில் கிழியும். எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிவறை சுத்தம் செய்யும் அமிலம் ஆகிய எதையும் பிளீச்சுடன் கலக்கக் கூடாது. அதிலிருந்து வெளியேறும் குளோரின் வாயு, காற்றோட்டமில்லாத சிறிய அறைகளில் உயிருக்கே ஆபத்தானது.

மஞ்சளும் நீலமும்

மாம்பழச் சாற்றின் கறை மாம்பாலின் கறையிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. ஒரே பழத்திலிருந்து வந்தாலும் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்யக் கூடாது. பழச்சதையின் மஞ்சள் நிறம் கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் வகையைச் சேர்ந்தது. அது எண்ணெய்யில் கரையும், வெயிலில் வெளுக்கும். பாத்திரத் திரவம் போட்டு அலசி, ஈரத்துடன் நல்ல வெயிலில் காயவைத்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும். மஞ்சள்தூள் கறையை நம் வீடுகளில் வெயிலில் போட்டுப் போக்குவதும் இதைப் போன்றதே. மாம்பால் கறையோ வெயிலில் மேலும் கறுக்கும். எது எதுவென்று தெரியாவிட்டால் அதன் உருவத்தைப் பார்க்கலாம். பழச்சாறு பரந்து, மஞ்சளாக இருக்கும். பால் சிறு புள்ளிகளாகவும் வழிந்த கோடுகளாகவும், பழுப்பாக இருக்கும்.

பருவமழை நெருங்கும்போது நாவற்பழம் வருகிறது. நாவற்கறையில் சோப்பு போட்டதும் அது நீலமாகவும் சாம்பலாகவும் மாறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். புதிய கறை வந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. நாவலின் ஊதா நிறமி அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் தோன்றும். கறை புதிதாக இருக்கும்போது, துணி வெள்ளைப் பருத்தியானால், அதை ஒரு பாத்திரத்தின் வாயில் இறுக்கிக் கட்டி, ஓர் அடி உயரத்திலிருந்து கொதிநீரை ஊற்றினால் பெரும்பகுதி நீருடன் இறங்கிவிடும். கைகளைப் பாத்திரத்திலிருந்து விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய சாயலுக்கு எலுமிச்சைச் சாறு தடவிப் பதினைந்து நிமிடம் விட்டு அலசிய பிறகே சோப்பு. மாம்பாலுக்குக் கொதிநீர் கேடு, நாவலுக்கு நன்மை என்பதை மாற்றிப் புரிந்துகொள்ளக் கூடாது.

மாதுளைத் தோல், நாவற்கொட்டை போன்ற துவர்ப்புள்ள பகுதிகளின் சாற்றில் இரும்பு கலந்தால் கருநீலக் கறை உண்டாகும். கலம்காரிக் கலைஞர்கள் கடுக்காயில் ஊறிய துணிமேல் இரும்புக் கரைசலால் கருங்கோடு வரைவது இதே முறையில்தான். துருப்பிடித்த குழாயிலிருந்து வரும் முதல் தண்ணீரில் இத்தகைய கறையை அலசாமல் இருப்பது எளிய தற்காப்பு.

சாயத் துணிகளில் எல்லை குறுகியது. ஸ்பிரிட் சில சாயங்களையும் கரைத்துவிடும். ஆகவே முதலில் உள்மடிப்புத் தையலில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். நிறம் ஒட்டினால் அந்த வழி அடைபட்டது. பாத்திரத் திரவத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பெர்கார்பனேட் தூளையும் அவ்வாறே சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். சரிகை உள்ள துணியில் எந்த வெளுப்பும் கூடாது, வெள்ளி கறுத்துவிடும். கைத்தறியில் இயற்கைச் சாயமிட்ட புடவையில் மாம்பால் கறுத்துவிட்டால், கறையைவிடச் சாயமே முதலில் போகும் என்பதால் அப்படியே விடுவது உத்தமம்.

துணியைக் கடைக்குக் கொடுப்பவர்கள், மாம்பால் தெறித்த இடத்தைச் சுற்றி வண்ண நூலால் ஒரு தையல் போட்டு, வாயாலும் சொல்லி அனுப்பலாம். துளி காய்ந்து மறைந்துவிட்டாலும் நூல் இருக்கும். துணியைப் பெற்றுக்கொள்ளும் கடைக்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு. மாங்காய்ப் பருவத்தில் வரும் வெள்ளைச் சட்டைகளின் முன்பக்கத்தையும் கைப்பட்டையையும் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், பால் காய்ந்த இடம் சற்றே ஒளி ஊடுருவும் புள்ளியாகத் தெரியக்கூடும். ஐயமிருந்தால் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உருண்டு நிற்கிறதா என்பதை உரியவர் முன்னிலையிலேயே காட்டிவிடலாம்.